கைதான முதல் 24 மணி நேரம்: வீட்டார் எதை, எந்த வரிசையில் செய்யணும்?

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் வக்கீல் குமாஸ்தா. ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் அடித்தால், பாதி நேரம் அது "எங்க வீட்டுப் பையன போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டு" என்ற போனாகத்தான் இருக்கும். சட்டம் தெரியாமல் இவர்கள் தோற்பதில்லை, வரிசை தெரியாமல்தான் தோற்கிறார்கள். முதல் மணி நேரத்தில் செய்ய வேண்டியதை மறுநாள் செய்வார்கள். ஜாமீன்தாரர் தேடுவது மாதிரி மூன்றாம் நாள் செய்ய வேண்டியதை முதல் ராத்திரியே தொடங்கிவிடுவார்கள்.

அதனால் முதல் 24 மணி நேரத்தையும், அதற்குப் பின் வரும் போலீஸ் கஸ்டடியையும் மட்டும் இங்கே எழுதுகிறேன். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி. போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. கீழே வரும் பிரிவு எண்கள் அந்தப் புதுச் சட்டத்தின் எண்கள். வேறு சட்டத்து எண் என்றால் அங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நடந்த ஒரு வழக்கைக் கூடவே சொல்லிக்கொண்டு போகிறேன், ஆள் யார் என்பது வேண்டாம். விளவங்கோடு பக்கத்துப் பையன், ரப்பர் பால் வெட்டுத் தொழில். ஒரு குடோனில் இருந்து ரப்பர் ஷீட் களவு போன வழக்கில் சனிக்கிழமை சாயங்காலம் டீக்கடையில் வைத்துப் பிடித்தார்கள். பொருள் வைக்கும் கட்டடத்தில் திருடினால், குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 305, தண்டனை அதிகபட்சம் ஏழு வருடம்.

1. முதல் வேலை: நேரத்தை எழுதுங்கள்

வக்கீலைத் தேடுவதற்கும் முன்னால் ஒரு பேப்பரை எடுத்து, எத்தனை மணிக்கு, எங்கே வைத்து, எத்தனை பேர் வந்து கூட்டிப்போனார்கள், சீருடையா மப்டியா, எந்த வண்டி, யார் பார்த்தார்கள் என்று எழுதி வையுங்கள். அந்தப் பேப்பரை வாட்ஸ்ஆப்பில் உங்கள் சொந்தக்காரர் ஒருவருக்கு உடனே அனுப்புங்கள். அனுப்பிய நேரம் அதில் பதிவாகிவிடும்.

காரணம் இதுதான். வாரண்ட் இல்லாமல் கைது செய்தவரை 24 மணி நேரத்துக்கு மேல் போலீஸ் வைத்திருக்கக் கூடாது என்று பிரிவு 58 சொல்கிறது, அரசியலமைப்பின் 22-வது பிரிவும் அதையே சொல்கிறது. பயண நேரம் மட்டும் கணக்கில் சேராது. சரி, அந்த 24 மணி நேரம் எப்போது தொடங்குகிறது? போலீஸின் காகிதத்தில் கைது நேரம் என்று ஒன்று இருக்கும். ஆள் உண்மையில் அவர்கள் கைக்குப் போன நேரம் வேறாக இருக்கலாம். "விசாரணைக்குத்தான் கூட்டிட்டு வந்தோம், கைது காலையிலதான்" என்பார்கள். போக முடியாதபடி ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டால் அவர் காவலில் இருக்கிறார் என்றுதான் வக்கீல் வாதாடுவார், அதற்கு உங்கள் பேப்பர் வேண்டும்.

நம் பையனைப் பிடித்தது சனி இரவு 7.30-க்கு. போலீஸ் எழுதும் கைதுக் குறிப்பான அரெஸ்ட் மெமோவில் ஞாயிறு காலை 11 மணி என்று இருந்தது. நடுவில் பதினைந்தரை மணி நேரம், காகிதப்படி அவன் எங்கேயும் இல்லை.

2. ஸ்டேஷனுக்குப் போகும்போது: இரண்டு பேர், நான்கு பொருள்

இருபது பேரைத் திரட்டிக்கொண்டு போகாதீர்கள். கூட்டம் கூடினால் பேச்சு தடித்து, வெளியே நின்றவர்கள் மேலும் ஒரு வழக்கு விழும். வயதில் மூத்தவர் ஒருவர், எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர், போதும்.

கையில் அவருடைய ஆதார் நகல், சாப்பிடும் மருந்தும் டாக்டர் சீட்டும், வயதுச் சான்று, ஒரு நோட்டு. வயதுச் சான்று எதற்கு என்று கேட்பார்கள். பதினெட்டு நிறையாதவர் என்றால் லாக்கப்பே கிடையாது. மாஜிஸ்திரேட்டிடமும் கொண்டுபோகக் கூடாது, இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போக வேண்டும். பள்ளிச் சான்றிதழ் அலமாரியில் இருக்க, பையன் பெரியவர்களோடு ரிமாண்ட் ஆகி, அதாவது மாஜிஸ்திரேட் உத்தரவில் காவலுக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்டேஷனில் கேட்க வேண்டியது மூன்றே கேள்விதான். கைதா, விசாரணையா? குற்ற எண் என்ன, என்ன பிரிவு? எந்த மாஜிஸ்திரேட்டிடம், எப்போது கொண்டுபோகிறீர்கள்? பதில் சொன்னவர் பெயரை நெஞ்சில் குத்தியிருக்கும் பட்டையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கைதான ஆளைப் பற்றி அவர் சொல்லும் ஒரு உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் கொடுப்பது போலீஸின் கடமை என்று பிரிவு 48 சொல்கிறது. அதனால் இது நீங்கள் கெஞ்சிக் கேட்கும் சலுகை இல்லை.

"இங்க அப்படி யாரும் இல்ல" என்றால் சண்டை போடாமல் வெளியே வந்து 112-க்கு ஒரு போன் போடுங்கள், மாவட்ட எஸ்.பி. அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். உடனே ஆளை விட்டுவிடுவார்கள் என்பதற்காக இதைச் செய்யவில்லை. இந்த நேரத்தில் குடும்பம் தேடியது என்று வேறொரு இடத்தில் பதிவாக வேண்டும், அவ்வளவுதான்.

வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் 15100-க்கு அழைத்து இலவச சட்ட உதவி கேட்கலாம். நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. காவலில் இருக்கும் ஆளுக்கு வருமானம் பார்க்காமலே இந்த உதவி உண்டு.

3. கைது செய்தே ஆக வேண்டுமா என்று பாருங்கள்

ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றம் என்றால், புகார் வந்ததும் தூக்கி உள்ளே போட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மறுபடி குற்றம் செய்யாமல் தடுக்க, ஒழுங்காக விசாரிக்க, ஆதாரத்தை அழிக்காமல் இருக்க, சாட்சியை மிரட்டாமல் இருக்க, கோர்ட்டுக்கு வருவதை உறுதிப்படுத்த என்று பிரிவு 35 சில காரணங்களைச் சொல்கிறது. இதில் ஏதாவது ஒன்று ஏன் பொருந்துகிறது என்று அதிகாரி எழுத்தில் காட்ட வேண்டும். இல்லையென்றால் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்ப வேண்டும். 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகச் சொன்னது. காரணங்களைக் குறித்த செக்லிஸ்ட் மாஜிஸ்திரேட்டின் கைக்குப் போக வேண்டும் என்றும் சொன்னது.

நோட்டீஸ் கையில் வந்தால் அதை ஒதுக்கிவிட்டு ஊரை விட்டுப் போகாதீர்கள். புதியவர்கள் செய்யும் மோசமான தவறு இதுதான். நோட்டீஸுக்குக் கட்டுப்பட்டுப் போகும் வரை, காரணம் எழுதாமல் கைது செய்ய முடியாது. போகாவிட்டால் அந்தக் காரணத்தை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். நோட்டீஸை முறைப்படி நேரில் கொடுக்க வேண்டும், வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் வாட்ஸ்ஆப்பில் வந்தால் அதை வக்கீலிடம் காட்டுங்கள், அழிக்காதீர்கள்.

பெண்ணைச் சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத சூழல் என்றால் பெண் அதிகாரி எழுத்தில் அறிக்கை கொடுத்து, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வாங்க வேண்டும். அறுபது தாண்டியவர் அல்லது உடம்பு முடியாதவர், குற்றத்துக்குத் தண்டனையும் மூன்று வருடத்துக்குக் கீழ் என்றால் டி.எஸ்.பி.யின் அனுமதி வேண்டும்.

4. இரண்டு காகிதம், ஒன்றை இன்னொன்றாக நினைக்காதீர்கள்

முதலாவது அரெஸ்ட் மெமோ. கைது செய்யும்போது எழுத வேண்டியது. குடும்பத்தில் ஒருவரோ அந்தப் பகுதியின் மரியாதைப்பட்ட ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போடணும், கைதானவரும் போடணும். இங்கேதான் ஒரு சின்ன வேலை இருக்கிறது. மெமோவில் நேரம் தவறாக இருந்தால், கையெழுத்துப் போட மாட்டேன் என்று அடம்பிடிப்பதைவிட, கையெழுத்துக்குப் பக்கத்திலேயே "சனி இரவு 7.30-க்குப் பிடித்தார்கள்" என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். எழுதவிடவில்லை என்றால் அதை மாஜிஸ்திரேட்டிடம் சொல்லணும். எழுதாத வெள்ளைத்தாளில் மட்டும் எந்தக் காரணத்துக்கும் கையெழுத்துப் போடக் கூடாது. போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

இரண்டாவது, கைதுக்கான அடிப்படை எழுதிய தாள். பிரிவு 47-ன்படி இதைத் தெரிவித்தே ஆக வேண்டும். 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாக்கியது: எந்தக் குற்றமானாலும் எழுத்தில் தர வேண்டும், ஆளுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். கைது செய்யும் நொடியில் முடியாவிட்டால் அப்போது வாயால் சொல்லிவிட்டு, ரிமாண்டுக்குக் கொண்டுபோவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். தராவிட்டால் கைதும் ரிமாண்டும் சட்டவிரோதம். தந்துவிட்டு மறுபடி ரிமாண்ட் கேட்கப் போலீஸுக்கு வழி இருக்கிறது, அதனால் இதை நிரந்தர விடுதலை என்று நினைத்துவிட வேண்டாம்.

தாளைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? "விசாரணைக்குத் தேவைப்படுவதால்", "தலைமறைவாக வாய்ப்புள்ளதால்" என்று அச்சடித்தது மட்டும் இருந்தால் அது எவருக்கும் பொருந்தும் பொதுக் காரணம். இன்ன தேதியில், இன்ன குடோனில், இன்னதை எடுத்தாய், அதைக் காட்டும் விஷயம் இது என்று அந்த ஆளுக்கே உரிய விவரம் இருக்க வேண்டும். அப்போதுதான் வக்கீலால் எதிர்த்துப் பேச முடியும். நம் வழக்கில் ஞாயிறு மதியம் மூன்று மணிக்குத் தமிழில், முழு விவரத்தோடு தாள் கொடுத்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எல்லையோரம் இருப்பவர்களுக்கு இந்த மொழி விஷயம் முக்கியம். களியக்காவிளை தாண்டி வேலைக்குப் போன ஆளைக் கேரளப் போலீஸ் பிடித்தால் தாள் மலையாளத்தில் வரலாம். பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது என்பவர் நம்மூரில் ஏராளம், அதை அங்கேயே சொல்லிவிடணும். ஆஜர் செய்வதும் அந்தப் பக்கத்துக் கோர்ட்டில்தான், நெய்யாற்றின்கரை மாதிரி. இங்கே குழித்துறையில் நின்று காத்திருந்தால் யாரும் வரமாட்டார்கள்.

5. டாக்டர் முன்னால் வாயைத் திறக்கணும்

கைதானவரை உடனே அரசு டாக்டரிடம் காட்டி, உடம்பில் காயம் இருந்தால் எப்படி, எப்போது ஏற்பட்டது என்று எழுத வேண்டும் (பிரிவு 53). அந்த அறிக்கையின் நகல் கைதானவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ தர வேண்டும். நம் மாவட்டத்தில் பெரும்பாலும் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி, தக்கலை, குழித்துறை அரசு ஆஸ்பத்திரிகள்.

இந்தச் சோதனை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். டாக்டர் "ஏதாவது பிரச்சினை உண்டா?" என்று கேட்பார், கூட வந்த போலீஸ்காரர் பக்கத்தில் நிற்பார், பையன் "ஒண்ணுமில்ல" என்பான். அவ்வளவுதான், காயமில்லை என்று சீட்டு எழுதியாச்சு. அடித்திருந்தால் சட்டையைத் தூக்கிக் காட்டணும். பாதத்தில் அடி என்றால் செருப்பைக் கழற்றிக் காட்டணும். தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் 2020-ல் அப்பாவும் மகனும் ரிமாண்டுக்குப் பிறகு இறந்ததை நம்மூரில் யாரும் மறக்கவில்லை. மறுபுறம், அடிக்காத போலீஸ்காரருக்கும் அந்தச் சீட்டுதான் பாதுகாப்பு, அதனால் ஒழுங்காகப் பார்க்கச் சொல்வதில் யாருக்கும் நஷ்டமில்லை.

6. மாஜிஸ்திரேட் எங்கே இருக்கிறார்?

ஞாயிறு மதியம் அந்தப் பையனின் அம்மா போன் செய்தார். "மக்ளே, காலைல பத்து மணியிலேருந்து கோர்ட்டு வாசல்ல நிக்கோம், பூட்டிக் கெடக்கு, யாரையும் கொண்டு வரல்லியே" என்றார். "மாமி, ஞாயித்துக்கிழமை கோர்ட்டு வாசல்ல நின்னா எப்படி? மாஜிஸ்திரேட் வீட்டுக்குப் போகணும்" என்றேன்.

24 மணி நேரக் கணக்குக்கு ஞாயிறு, தீபாவளி, கிறிஸ்துமஸ் எதுவும் கிடையாது. லீவு நாளிலும் ராத்திரியிலும் மாஜிஸ்திரேட்டின் வீட்டிலேயே ஆஜர் செய்வார்கள். ஸ்டேஷன் எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அதைப் பொறுத்து நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை, இரணியல், பூதப்பாண்டி என்று கோர்ட் மாறும். அந்த மாஜிஸ்திரேட் லீவில் இருந்தால் பொறுப்பில் இருப்பவரிடம் போகும். எல்லைக்குள் வராத மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோனாலும் செல்லும் என்று புதிய பிரிவு 58-லேயே இருக்கிறது. ஆகவே உங்கள் ஊர்க் கோர்ட் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். அன்று யார் பொறுப்பு என்பதை வக்கீலை வைத்துக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பயண நேரத்தைக் கழிக்கலாம் என்பதை வைத்து மழுப்புவார்கள். நம் மாவட்டத்துக்குள் ஒரு ஸ்டேஷனிலிருந்து மாஜிஸ்திரேட்டிடம் போக, மார்த்தாண்டத்தில் எவ்வளவு நெரிசல் என்றாலும், அரை நாள் ஆகாது.

24 மணி நேரம் தாண்டியும் ஆள் எங்கே என்று தெரியவில்லையா? மாஜிஸ்திரேட்டிடம் பிரிவு 100-ல் தேடுதல் வாரண்ட் கேட்டு மனுப் போடலாம், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனுவும் போடலாம். முதல் பேப்பர் இங்கேயும் வேலைக்கு வரும்.

7. மாஜிஸ்திரேட் முன்னால் அந்த ஐந்து நிமிடம்

நம் பையனை ஆஜர் செய்தது ஞாயிறு மாலை 6.45-க்கு. உண்மை நேரப்படி 23 மணி 15 நிமிடம், இன்னும் முக்கால் மணி நேரம் மிச்சம். மெமோ நேரப்படி பார்த்தால் வெறும் 7 மணி 45 நிமிடம். மாஜிஸ்திரேட் "எப்ப கூட்டிட்டு வந்தாங்க?" என்று கேட்டார். அவன் எஸ்.ஐ.யை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். எங்கள் வக்கீல் ஒன்றும் பேசாமல் தலையை மட்டும் ஆட்டினார். "நேத்து ராத்திரி ஏழரைக்கு, டீக்கடையிலேருந்து" என்றான். அது பதிவானது. 24 மணி நேரம் தாண்டாததால் ரிமாண்ட் கொடுத்தார்கள். ஆனால் மெமோ நேரம் தவறு என்பது ரெக்கார்டில் ஏறிவிட்டது. சாட்சி விசாரணையில் அந்த மெமோவை எழுதியவரிடம் இதைக் கேட்கலாம்.

ஆளுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியது நான்கு: எப்போது பிடித்தார்கள், அடித்தார்களா, வீட்டுக்குத் தகவல் சொன்னார்களா, என்ன மருந்து சாப்பிடுகிறார். குற்றம் செய்தேனா இல்லையா என்ற கதையை அன்று சொல்ல வேண்டாம், அதற்கான நாள் வேறு. விசாரணை நடக்கும்போது வக்கீலைப் பார்க்கும் உரிமை உண்டு (பிரிவு 38), முழு நேரமும் கூடவே உட்கார வைக்க முடியாது. ஸ்டேஷனிலேயே வக்கீலால் ஐந்து நிமிடம் பார்க்க முடிந்தால் இந்த நான்கையும் சொல்லிவிடுவார்.

8. இரண்டு "பதினைந்து நாள்", இரண்டும் வேறு

"பதினஞ்சு நாள் ரிமாண்ட்" என்று கேட்டதும் பதினைந்து நாள் போலீஸ் ஸ்டேஷனில் வைத்து அடிப்பார்கள் என்று நினைத்து மயங்கி விழுந்த அம்மாக்கள் உண்டு. சாதாரணமாக அது நீதிமன்றக் காவல், அதாவது ஜெயில். ஒரு தடவைக்கு அதிகபட்சம் பதினைந்து நாள் என்று கொடுத்து, அப்புறம் நீட்டித்துக்கொண்டே போவார்கள்.

போலீஸ் கஸ்டடி என்பது ஜெயிலிலிருந்து ஆளைத் திரும்ப ஸ்டேஷனுக்கு எடுப்பது. அதற்குத் தனி மனுப் போட்டு, ஏன் தேவை என்று சொல்லணும். மொத்த வழக்குக்கும் சேர்த்து அதிகபட்சம் பதினைந்து நாள்தான் (பிரிவு 187). பழைய நடைமுறையில் முதல் பதினைந்து நாளுக்குள்ளேயே கேட்டாக வேண்டும் என்றிருந்தது. இப்போது அந்தப் பதினைந்தைத் துண்டு துண்டாகவும் கேட்கலாம். பத்து வருடத்துக்குக் குறைந்த தண்டனை என்றால் முதல் 40 நாளுக்குள், அதற்கு மேல் என்றால் முதல் 60 நாளுக்குள். அதனால் முதல் வாரம் கேட்கவில்லை, இனி கஸ்டடி இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

கஸ்டடிக்கு ஆளை நேரில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், வீடியோவில் காட்டினால் போதாது. அன்று வக்கீல் கட்டாயம் இருக்கணும். நம் வழக்கில் ரிமாண்ட் ஆன நாலாம் நாள், மிச்ச ஷீட்டை எங்கே விற்றான் என்று விசாரிக்க ஐந்து நாள் கேட்டார்கள். வக்கீல் ஆட்சேபித்தார், இரண்டு நாள் கிடைத்தது. முழுதாக மறுப்பது அபூர்வம், ஆகவே நாளைக் குறைப்பதிலும் நிபந்தனை வாங்குவதிலும் கவனம் வையுங்கள். எடுக்கும்போதும் திருப்பி ஒப்படைக்கும்போதும் மருத்துவப் பரிசோதனை, தினமும் வக்கீல் பார்க்க நேரம், ஒப்படைக்கும் மணி என்று உத்தரவில் எழுதி வாங்கலாம்.

போலீஸிடம் ஒப்புக்கொண்டது ஆதாரமாகாது. ஆனால் அவன் சொல்லி ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பொருளைக் கண்டுபிடிக்கக் காரணமான பகுதி மட்டும் ஆதாரமாகும். கஸ்டடியின் குறியே அதுதான். பறிமுதல் நடப்பதை வீடியோ எடுக்க வேண்டும் என்று இப்போது சட்டம் இருக்கிறது (பிரிவு 105), அந்த வீடியோவை வக்கீல் பிறகு கேட்டு வாங்கலாம்.

9. நாட்காட்டியில் இரண்டு தேதியை வட்டம் போடுங்கள்

மார்ச் 1-ல் ரிமாண்ட் என்று வைத்துக்கொள்வோம். ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்து எண்ணணும். நாற்பதாவது நாள் ஏப்ரல் 9, அன்றோடு கஸ்டடி கேட்கும் கெடு முடிகிறது. அறுபதாவது நாள் ஏப்ரல் 29. அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஏப்ரல் 30 காலையிலேயே கட்டாய ஜாமீன் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். "மதியம் பார்க்கலாம்" என்று இருந்துவிட்டு, மனுவுக்கு முன்னால் குற்றப்பத்திரிகை உள்ளே போய்விட்டால் அந்த உரிமை போச்சு. பத்து வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றத்தில் இது 90 நாள்.

சாதாரண ஜாமீன் மனுவுக்கு இந்த அறுபது நாள் காத்திருக்க வேண்டியதில்லை, அதை ரிமாண்ட் ஆன மறுநாளே போடலாம். நம் பையனுக்குக் கஸ்டடி முடிந்து திரும்பிய பிறகுதான் கிடைத்தது. அவன் அம்மா அந்த முதல் பேப்பரை இன்னும் மடித்து வைத்திருக்கிறார், சாட்சி விசாரணைக்கு வேண்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன்.